பயிற்சியை முன்கூட்டியே முடித்துக்கொள்வது பற்றிய கடிதம்

தலவாக்கலை
05.09.2025

விடயம்: உயர்தரப் பரீட்சைக்காகப் பயிற்சியை 19.09.2025 உடன் முடித்துக்கொள்ளல்

அன்புள்ள டீமேக்கர் சேர்,

இந்த மாதம் 19ஆம் திகதி வெள்ளிக்கிழமையோடு நமது தேயிலைத் தொழிற்சாலையில் என் பயிற்சியை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதுகிறேன். ஜூன் 2ஆம் திகதி சேர்ந்தபோது நவம்பர் கடைசி வரை இருப்பதாகக் கையெழுத்து வைத்தேன். பத்து வாரம் முன்னதாகப் போகிறேன். பயிற்சிக் கடிதத்தில் கேட்டிருக்கும் இரண்டு வார அறிவித்தலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். ஆனால் முதலில் உங்கள் கையில் தர வேண்டும் என்றுதான் காலையிலேயே வந்தேன்.

காரணம் நவம்பர் பரீட்சை. போன தடவை எனக்கு இரண்டு சி, ஒரு எஸ். நுவரெலியா மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள், அந்தக் குறைந்த புள்ளிக்கும் நான் எட்டவில்லை. இந்த வருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஜூலையில் விண்ணப்பித்துவிட்டேன். அதை உங்களிடம் அப்போதே சொல்லவில்லை. வேலையையும் படிப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு ரோலர் ஓடத் தொடங்கும்போது நிற்க வேண்டும், மத்தியானம் லயத்துக்குப் போனால் புத்தகத்தைத் திறந்தபடியே தூங்கிவிடுகிறேன். சனிக்கிழமை ஹட்டன் டியூஷன் வகுப்பில் இரசாயனவியல் சேர் என் பெயரைக் கூப்பிட்டு எழுப்பியது இரண்டு முறை. மூன்றாவது முறை அவர் கூப்பிடவே இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது.

சொல்லாமல் இருந்தது என் பிழை. நீங்கள் எனக்குக் கற்றுத் தந்த முதல் விஷயமே இதற்கு எதிரானது என்பதால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது வாரம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். டிரையரிலிருந்து எடுத்த மாதிரியின் ஈரப்பதனைப் பார்க்கும் கருவி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம். முந்தைய மாதிரிக்கு 3.1 வந்திருந்தது, இதுவும் அப்படித்தானே இருக்கும் என்று 3.1 என்றே பதிந்துவிட்டேன். நீங்கள் வந்து ஒரு பிடி தேயிலையை விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தீர்கள். பதிவேட்டைப் பார்த்தீர்கள். ஒன்றும் பேசாமல் கருவி நிற்கும்வரை நின்றீர்கள். வந்தது 4.6.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் அழிப்பான் கொடுத்திருப்பார்கள். நீங்கள், பிழையான எண் தெரியும்படி மேலே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். அந்தத் தொகுதி ஈரத்தோடு போயிருந்தால் ஏலத்துக்கு முன்பே பையில் கெட்டிருக்கும் என்று பிறகு சொன்னீர்கள். அன்று திட்டு வாங்கியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இந்தக் கடிதத்தையும் அந்த ஒற்றைக் கோடாகவே எழுதுகிறேன்.

நன்றி என்று ஒரு வரியில் எழுதினால் எதற்கு என்று தெரியாமல் போய்விடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் அம்மா இருபது வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். மடுவத்தில் நிறுத்து, லொறியில் ஏற்றிவிட்டால் எங்கள் வீட்டுக்கு அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நானும் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. நீங்கள்தான் வாட்டும் தொட்டியில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். காம்பை மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும், உள்ளங்கையில் அழுத்தினால் பட்டுத்துணி மாதிரி இருக்க வேண்டும் என்றீர்கள். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரண்டையும் எப்படி வாசிப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மழை நாளில் அந்த வித்தியாசம் சுருங்கினால் எத்தனை மணி நேரம் அதிகமாக விசிறி ஓட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவிடம் இப்போது, முத்தல் இலை கலந்தால் ரோலரில் என்ன ஆகிறது என்று விளக்குகிறேன். அவர் சிரிக்கிறார். ஆனால் கேட்கிறார்.

இன்னொன்று. 'நொதிக்க வைப்பது' என்று எல்லோரும் சொல்கிறார்களே, இதில் மதுவம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நான் முழித்தேன். ரோலரில் கலம் உடைந்து, இலையின் சொந்த நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பொலிபீனோல்களை மாற்றுகிறது, டிரையர் வெப்பம் அந்த நொதியத்தை நிறுத்துகிறது, அவ்வளவுதான் என்றீர்கள். உயிரியலில் நொதியங்கள் பாடத்தை நான் மூன்று தடவை மனப்பாடம் செய்திருக்கிறேன் சேர். வெப்பநிலை கூடினால் தொழிற்பாடு ஏன் நிற்கிறது என்ற வரைபு, பச்சை இலை செம்பு நிறமாகி வாசம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் மதிப்பெண்ணில் பாதி உங்களுக்கு!

இதனால்தான் இந்தத் தடவை எந்தப் பாடநெறிக்காகப் படிக்கிறேன் என்பதும் தெளிவாகியிருக்கிறது. போன வருடம் யாராவது கேட்டால் "ஏதாவது கெம்பஸ்" என்பேன். இப்போது பேராதனையில் விவசாயம் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

போவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை: ஈரப்பதன் பதிவேட்டின் ஆகஸ்ட் மாதக் கூட்டல் பாதியில் நிற்கிறது, அதை 12ஆம் திகதிக்குள் முடித்துவிடுவேன். புதிதாக வந்த தம்பிக்கு, சுவை பார்க்கும் மேசையில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் என்ற கணக்கையும் கிண்ணம் கழுவும் ஒழுங்கையும் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைவிடக் கவனமாக நிறுக்கிறார். வாட்டும் நேரங்களை நான் எழுதிவைத்த கொப்பியும் அவருக்கே. கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளை மேலங்கி, சப்பாத்து, மாதிரி அறைச் சாவி மூன்றையும் கடைசி நாள் களஞ்சியத்தில் ஒப்படைப்பேன்.

ஒரு வேண்டுகோள். முழுப் பயிற்சிச் சான்றிதழுக்கு எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். இருந்த காலத்தையும் செய்த வேலையையும் மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் தர முடிந்தால் பிற்காலத்தில் உதவும். தர முடியாது என்றாலும் எனக்கு மனக்குறை இல்லை. இதைக் கேட்பதற்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் சேர், ஜூலை மழையில் நீங்கள் கொடுத்த கறுப்புக் குடை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு கம்பி வளைந்திருந்தது, அப்பா சரிசெய்துவிட்டார். 19ஆம் திகதி கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அன்புடனும் நன்றியுடனும்,
நிரோஷா
பயிலுநர், தர மாதிரிப் பிரிவு