பி பிளாக் தண்ணீர் குறித்து நிர்வாகக் குழுவின் கவனத்துக்கு

நிர்வாகக் குழுவினருக்கும் அனைத்து வீட்டாருக்கும் வணக்கம்.

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை காலை முதல் பி பிளாக் குழாய்களில் தண்ணீர் லேசான மஞ்சள் நிறத்துடனும் சாக்கடை வாடையுடனும் வருகிறது. காலையில் முதலில் திறக்கும்போது வாடை அதிகமாக இருக்கிறது, நண்பகலுக்குள் குறைந்துவிடுகிறது. இதுவரை 102, 103, 204, 301, 304, 402 ஆகிய ஆறு வீட்டார் இதை உறுதிசெய்துள்ளனர். 201, 303 வீட்டார் தங்களுக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். அதையும் சேர்த்தே பதிவுசெய்கிறேன்.

இரண்டு பிளாக்குகளுக்கும் ஒரே மெட்ரோ வாட்டர் இணைப்பிலிருந்துதான் நீர் வருகிறது, சம்ப் மட்டுமே தனித்தனி. ஏ பிளாக்கில் யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்பதால், கோளாறு பி பிளாக்கின் சம்ப், மாடித் தொட்டி அல்லது இடைப்பட்ட குழாயில் இருக்கவே வாய்ப்பு அதிகம். திங்கள் இரவு மழையில் சம்ப்பிலிருந்து ஏறக்குறைய எட்டடி தள்ளியுள்ள டிரெயினேஜ் சேம்பர் நிரம்பி வழிந்ததையும், அந்த நீர் சம்ப் மூடியைச் சுற்றித் தேங்கியதையும் மேலே பகிர்ந்துள்ள படங்களில் காணலாம். அதுதான் காரணம் என்று நான் முடிவுகட்டவில்லை.

டிடிஎஸ் அளவு வழக்கம்போலவே இருப்பதால் கவலை வேண்டாம் என்று நேற்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அளவு மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் டிடிஎஸ் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளைத்தான் காட்டும், கிருமிகளைக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லி நீரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதை ஆய்வகப் பரிசோதனையால் மட்டுமே அறிய முடியும்.

எனவே முதலில் சம்ப்பிலிருந்தும் ஒரு வீட்டுக் குழாயிலிருந்தும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்களில் நீர் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகு சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவி பிளீச்சிங் செய்ய வேண்டுகிறேன். வரிசை மாறி முதலில் பிளீச்சிங் போட்டுவிட்டால் பரிசோதனையில் உண்மை நிலை தெரியாமல் போய்விடும். சேம்பர் அடைப்பையும் சம்ப் மூடியின் இடைவெளியையும் பிளம்பரைக் கொண்டு பார்க்க வேண்டும். நோட்டீஸ் போர்டில் சம்ப் சுத்தம் செய்ததாகக் கடைசியாகப் பதிவாகியிருப்பது மார்ச் மாதம். பின்னர் செய்தும் எழுதாமல் விடுபட்டிருந்தால் தேதியைத் தெரிவிக்கவும்.

மோட்டார் போடும் ஊழியரை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். சம்ப்பில் இருப்பதைத்தான் அவர் மேலே ஏற்றுகிறார்.

பரிசோதனை முடிவு வரும்வரை பி பிளாக் வீட்டார் குடிப்பதற்குக் கேன் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. செலவு பராமரிப்பு நிதியிலிருந்தா, பி பிளாக்கின் தனிப் பங்களிப்பா என்பதை நிர்வாகக் குழுவே முடிவுசெய்யட்டும். எதுவானாலும் எனக்குச் சம்மதம். வேலை நடக்கும் தேதியை வெள்ளிக்கிழமை மாலைக்குள் இங்கே பதிவிட வேண்டுகிறேன். நீர் மாதிரி எடுக்கும்போது உடனிருக்க நான் தயார்.

இப்படிக்கு,
பி-204 குடியிருப்பாளர்