கார்பன் பிரஷ்

ஆர்டர் இல்லையென்று பம்ப்செட் கம்பெனியில் காயில் கட்டும் செக்‌ஷனையே மூடிவிட்டார்கள். முருகேசன் கோயமுத்தூர் கணபதி ஏரியா முழுக்க வேலை கேட்டு அலைந்தான். எல்லாப் பட்டறையிலும் ஒரே பதில்: "சொல்லி அனுப்பறோமுங்க."

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா மிக்ஸியைப் பழைய இரும்புக்காரர் தராசில் வைத்தார்.

"இருங்கக்கா, என்னாச்சுங்க?"

"ஓடமாட்டீங்குது தம்பி. கடைக்காரன் புதுசு வாங்கச் சொல்லிட்டான்."

திண்ணையிலேயே கழற்றினான். மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் சுண்டுவிரல் நகமளவுக்குத் தேய்ந்திருந்தது. அது உரசிச் சுழலும் கம்யூட்டேட்டரில் படிந்த கரியை உப்புத்தாளால் துடைத்து, கடையிலிருந்து புது ஜோடி வாங்கிவந்து மாட்டினான். மிக்ஸி அலறியது.

இரும்புக்காரர் முறைத்தார். எடை போச்சே! பிறகு கிட்டே வந்தார். "இந்தத் தெருவுலயே மாசம் ஏழெட்டு மிக்ஸி விழுகுது. கிரைண்டரு, ஃபேனு வேற. எடைக் காசு குடுத்தா உனக்கே தர்றேன்."

"கிரைண்டருக்குக் காயிலும் நானே கட்டிருவேனுங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"