அக்கா, பாப்பா இங்கிலீஷ் ஆப்போட கண்டிஷன் முழுசா படிச்சிட்டேன்

அக்கா, நீ நேத்து நைட்டு வாய்ஸ் நோட்ல கேட்டதுக்கெல்லாம் இதுல எழுதிருக்கேன், நீளமா இருக்கும், ஆனா மாமாவையும் உக்கார வச்சி ஒருதடவ முழுசா படிங்க. அந்த ஆப்போட கண்டிஷன் மட்டும் 23 பக்கம், பிரைவசி பாலிசி தனியா 14 பக்கம், ரெண்டுமே இங்கிலீஷ்ல தான் இருக்கு, தமிழ்ல கிடையாது. ஆப்போட ஸ்கிரீன் மட்டும் பூரா தமிழ்ல வச்சிருக்கான். எனக்கு அதுதான் ரொம்ப கோபம்.

முதல்ல அவசரமானது. நீ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6.40 வாக்குல 1 ரூபா கட்டி ட்ரையல் சேந்திருக்க. ஏழு நாள் முடியறது வர்ற ஞாயிறு அதே நேரம். ஆனா 9வது பிரிவுல என்ன போட்டிருக்கான்னா ட்ரையல் முடியறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணிருக்கணும்னு. அப்போ உனக்கு கெடு சனிக்கிழமை 6.40, ஞாயிறு இல்ல. வெள்ளிக்கிழமையே முடிச்சிரு, சனிக்கிழமைக்கு விடாத.

"1 ரூபா தானே கட்டினேன், அப்புறம் எப்படி எடுப்பான்"னு கேட்டல்ல. அந்த 1 ரூபா கட்ட யூபிஐ பின் நம்பர் போட்டியே, அது 1 ரூபாய்க்கு மட்டும் போட்ட நம்பர் இல்லக்கா. அதோட சேத்து யூபிஐ ஆட்டோபே பெர்மிஷனும் குடுத்திருக்க. நீ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ட பெருசாக்கி பாரு, கீழ சின்ன எழுத்துல "5,000 ரூபாய் வரை, 3 மாதத்துக்கு ஒருமுறை" இருக்கும். ஒருதடவ பெர்மிஷன் குடுத்துட்டா 15,000 ரூபா வரைக்கும் இப்படி எடுக்குற பணத்துக்கு திரும்ப பின் கேக்க வேண்டியதில்லன்னு ரிசர்வ் வங்கி ரூல் இருக்கு, அதனால உன் ஃபோன்ல எதுவும் கேக்காமலே பணம் போயிரும். எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும், அதுவும் ரூல் தான். ஆனா கணக்கு போட்டு பாரு, அந்த மெசேஜ் சனிக்கிழமை சாயங்காலம் வரும், அவன் வச்சிருக்க கேன்சல் கெடுவும் அப்பதான் முடியுது. மெசேஜ் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா லேட்டாயிரும்.

எவ்வளவு எடுப்பான்? ஆப்ல 2,499ன்னு காட்டுறான். 6வது பிரிவுல வரி தனின்னு இருக்கு, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 2,948 ரூபா 82 காசு. விலைய எப்ப வேணா மாத்துவோம், நீங்க தொடர்ந்து யூஸ் பண்ணா சம்மதம்னு அர்த்தம்னு இன்னொரு வரி. இதையும் அந்த 5,000 லிமிட்டையும் சேத்து படிக்கணும்க்கா. நாளைக்கே 4,000ன்னு ஏத்தினாலும் உன்கிட்ட புதுசா பெர்மிஷன் வாங்காமலே எடுக்க அந்த லிமிட்ல இடம் இருக்கு.

"ஆப்ப டெலீட் பண்ணிட்டா போதாதா?" போதாது. இத தான் எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க. ஆப் போனா ஃபோன்லருந்து ஐகான் போகும், ஆட்டோபே அப்படியே உயிரோட இருக்கும். நீ ரெண்டு இடத்துல நிறுத்தணும். ஒண்ணு, நீ பணம் கட்டின யூபிஐ ஆப்ல ப்ரொஃபைலுக்கு போயி `Autopay`னு இருக்கும், அதுக்குள்ள இந்த கம்பெனி பேரு இருக்கும், அத தொட்டு கேன்சல் குடு. இதுக்கு கம்பெனிக்காரன் சம்மதம் தேவையில்ல, உன் அக்கவுண்ட், உன் உரிமை. ரெண்டாவது, கம்பெனிக்கு மெயில் போடணும், ஏன்னா ஆப்புக்குள்ள கேன்சல் பட்டனே வைக்கல, மெயில்ல மட்டும் தான் ஏத்துக்குவோம்னு 9.3ல போட்டிருக்கான். சேர ரெண்டு டச்சு, வெளிய வர மெயில்! மெயில நான் இங்கிலீஷ்ல அடிச்சு உனக்கு அனுப்புறேன், நீ ரெஜிஸ்டர் பண்ண ஐடிலருந்து நீயே அனுப்பு, அனுப்பினதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கோ. ஆட்டோபேய மட்டும் நிறுத்திட்டு மெயில் போடாம விட்டா பாக்கி இருக்குன்னு ஃபோன் பண்ணி தொல்ல பண்ண வாய்ப்பு இருக்கு, அதுக்கு தான் ரெண்டும்.

ஒருவேள பணம் போயிட்டா? எடுத்த கட்டணம் திரும்ப கிடைக்காது, யூஸ் பண்ணாட்டியும் கிடைக்காதுன்னு தெளிவா எழுதிருக்கான். தகராறுன்னா குருகிராம்ல மத்தியஸ்தம்னும் போட்டிருக்கான். அத படிச்சு பயப்படாத, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீ குடியிருக்க மாவட்டத்துலயே, அதாவது திண்டுக்கல்லயே கேஸ் போடலாம். அதுக்கும் முன்னாடி நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு ஃபோன் போட்டு கம்ப்ளைன்ட் குடுக்கலாம். வரிய கடைசில சேக்குறது, கேன்சல் பண்ண விடாம சுத்த விடுறது, இந்த மாதிரி வேலைகள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்லயே தடை பண்ணி வழிகாட்டுதல் போட்ருக்கு, மொத்தம் 13 வகை சொல்லிருக்காங்க. கம்ப்ளைன்ட்ல இத எழுதணும்.

இப்ப டேட்டா. எனக்கு பணத்த விட இதுதான் உறுத்துது. பாப்பா மைக்ல பேசுறா இல்ல, அந்த ரெக்கார்டிங்க கம்பெனி எப்பவும், எந்த நாட்டுலயும், காசு எதுவும் தராம யூஸ் பண்ணிக்கலாம்னு 12வது பிரிவுல உரிமை வாங்கிக்கிறான். ஒன்பது வயசு புள்ள குரல்க்கா. "பார்ட்னர்கள்" கூட ஷேர் பண்ணுவோம்னு இருக்கு, யாரு அந்த பார்ட்னர்னு எங்கயும் பேரு இல்ல. கான்டாக்ட் லிஸ்ட் பெர்மிஷனும் கேட்டு நீ குடுத்திருக்க, இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க நம்ம சொந்தக்காரங்க நம்பர் எதுக்கு? ஃபோன் செட்டிங்ஸ்ல ஆப் பெர்மிஷன்ல போயி கான்டாக்ட், லொக்கேஷன் ரெண்டையும் இன்னைக்கே ஆஃப் பண்ணு. மைக் இல்லன்னா பாடம் ஓடாது, அத மட்டும் நீ முடிவு பண்ணு.

சட்டம் இல்லையான்னு கேப்ப. 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டத்துல 18 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க டேட்டாவுக்கு அப்பா அம்மா சம்மதத்த சரிபாத்து வாங்கணும், புள்ளைய குறி வச்சு விளம்பரம் காட்டக்கூடாதுன்னு இருக்கு. விதிகள் வந்தது 2025 நவம்பர்ல, இந்த பகுதி அமலுக்கு வர அதுலருந்து 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. அதனால இப்போதைக்கு நாமளே பாத்துக்கணும்.

இன்னொண்ணு, அக்கவுண்ட டெலீட் பண்ணாலும் ரெக்கார்டிங் தானா போகாது, தனியா கேக்கணும், கேட்டப்புறம் 30 நாள், பேக்கப்ல 180 நாள்னு போட்டிருக்கான். அதையும் அதே மெயில்ல சேத்துட்டேன்.

பாப்பாவுக்கு அந்த ஆப் புடிச்சிருக்கு, நல்லா பேச ஆரம்பிச்சிட்டான்னு சொன்ன. அப்படின்னா வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆட்டோபே இல்லாம மாசத்துக்கு 999 ஒரே தடவ கட்டுற பிளான் 6வது பிரிவு கடைசில இருக்கு, முன்னாடி காட்டவே மாட்டான். வரியோட 1,178 ரூபா 82 காசு. மூணு மாசத்துக்கு கணக்கு போட்டா 588 ரூபா கூட தான், ஆனா புள்ளைக்கு போரடிச்ச மாசம் சும்மா விட்டுடலாம், யாரும் உன் அக்கவுண்ட்ல கை வைக்க முடியாது. எனக்கு அதுதான் சரின்னு படுது, மாமாகிட்ட பேசிட்டு முடிவு பண்ணு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை மூடினதும் வீடியோ கால் போடுறேன், ஃபோன கைல வச்சிக்கோ, ஆட்டோபே கேன்சல் ஆகுறத ரெண்டு பேரும் சேந்து பாத்துடலாம்.