திருவிடைமருதூர் வீட்டு வேலை: ஒப்படைக்கும் தேதியை மார்ச் 28க்குத் தள்ளக் கோரி

கும்பகோணம்
16.12.2024

மதிப்புக்குரிய சுந்தரேசன் சார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அம்மாவும் வீட்டில் அனைவரும் நலமா? இன்று மார்கழி பிறந்துவிட்டது. பேசியபடி தை முடிவதற்குள் அம்மாவை வீட்டில் குடிவைக்க வேண்டும். அதற்கு ஜனவரி 25க்குள் வேலை முடித்துச் சாவி கொடுப்பதாக ஆகஸ்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தேதிக்கு என்னால் முடிக்க முடியாது. மார்ச் 28 வரை, அதாவது ஒன்பது வாரம் கூடுதலாகத் தர வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி சொல்லி பாதி விட்டுப்போகும், பிறகு 'நீங்கள் இப்படிச் சொல்லவே இல்லையே' என்று வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

மற்ற வேலைகள் பெரும்பாலும் சரியாகவே போகின்றன. திண்ணைத் தூண்கள் செப்பனிட்டாயிற்று. இரண்டாம் கட்டும் சமையல்கட்டும் மழைக்கு ஒழுகாமல் இருக்கின்றன. வயரிங் முக்கால்வாசி ஆகிவிட்டது. தாமதம் முழுக்கக் கூடத்துக்கும் ரேழிக்கும் மேலே, தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தில்தான்.

அக்டோபர் 3ஆம் தேதி பழைய தளத்தைப் பிரித்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளியே பார்த்தால் தேக்குக் கட்டைகள் இரும்பு மாதிரி நின்றன. சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை மட்டும் கரையான் தின்றிருந்தது. 22 கட்டைகளில் 9 பழுது. ஒரு கட்டையின் முனையை விரலால் அழுத்தினேன், மாவாக உதிர்ந்தது. புதுத் தேக்கு வாங்கினால் பழைய கட்டையோடு கனமும் வயதும் ஒட்டாது என்று நானே காரைக்குடிக்குப் போய், இடித்த வீட்டுக் கட்டைகளில் பொறுக்கி எடுத்து வந்தேன். அளவுக்கு அறுத்து ஏற்றி முடிக்கத் தீபாவளி வந்துவிட்டது. இதில் போனது ஏறக்குறைய மூன்று வாரம். பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரிந்திருக்காது.

சித்தாள் பிரச்சினையும் இருந்தது. இந்த வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குத் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். நம் பக்கத்தில் நடவு பின்னால் தள்ளியது. ஆவணி, புரட்டாசியில் கட்டட வேலைக்கு வர வேண்டிய பெண்கள் நாற்று நடப் போய்விட்டார்கள். போகாதே என்று சொல்ல நான் யார். வயல் வேலை முடிந்த பிறகுதான் செங்கல் சுமக்க ஆள் கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததில் என் தவறு இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நவம்பர் 20 வாக்கில் நான்கைந்து நாள் நல்ல வெயில் அடித்தது. கட்டைகள் மேல் செங்கல் அடுக்கும் ஒட்டுக்கல் வரிசை முடிந்திருந்தது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடிக்க வேண்டியதுதான் பாக்கி. மேஸ்திரி, 'ஐப்பசி கார்த்திகையில் காரை போடாதீங்க, தைக்குப் பார்த்துக்கலாம்' என்றார். இல்லையென்றால் மேலே தகரக் கொட்டகை போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார். கொட்டகைக்கு முப்பத்தைந்தாயிரம் ஆகும். தார்ப்பாய் போதும் என்று நான் முடிவு செய்தேன். ஜனவரி 25 என்ற தேதி மண்டைக்குள் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம். ஏறக்குறைய 130 சதுர அடிக்குப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து ஆட்கள் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

26, 27 தேதிகளில் டெல்டா முழுக்கக் கொட்டிய மழை தங்களுக்கும் செய்தியில் தெரிந்திருக்கும். ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதிதான் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது, ஆனால் அதற்கு முன்பே நம் ஊரை நனைத்துவிட்டுத்தான் போனது. 28 காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி, பாரம் தாங்காமல் ஒரு ஓரம் கழன்று தொங்கியது. முற்றத்தில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் நம் சுண்ணாம்பு. மேலே ஏறிக் கையால் தடவினால் வெறும் ஜல்லி, ஒன்றோடொன்று ஒட்டாமல். மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த 130 சதுர அடியையும் சுரண்டி எடுத்தாகிவிட்டது. கட்டைகளுக்கும் ஒட்டுக்கல்லுக்கும் சேதம் இல்லை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். 11ஆம் தேதியிலிருந்து மூன்று நாள் மறுபடி மழை பிடித்தது. அதற்குள் நல்லவேளையாக மேலே எதுவும் போடவில்லை.

தங்கள் மைத்துனர் போன வாரம் போனில், 'ஏன் இவ்வளவு கஷ்டம், மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு முடித்துவிடுங்களேன்' என்றார். போடலாம், ஜனவரி 25க்கும் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. சிமெண்டு அவற்றின் ஈரத்தை வெளியே விடாது. தேக்குக் கட்டைக்கும் அந்தக் கனம் வேண்டாத கனம். இரண்டு மழைக்குப் பிறகு விரிசல் விட்டு, ஈரம் கட்டைக்குள் இறங்கும். அப்போது நான் அவசரப்பட்டதன் பலனைத் தாங்கள் அனுபவிப்பீர்கள். தாங்களே சொன்னாலும் இந்த வீட்டுக்கு நான் அதைச் செய்யத் தயங்குவேன்.

சுண்ணாம்புக் காரைக்கு அவசரம் ஆகாது. மூன்று அங்குலம் போட்டு, அடிக்கும் கட்டை பட்டால் எழும்பித் துள்ளும்வரை நாள்கணக்கில் அடிக்க வேண்டும். அதன் மேல் தட்டோடு இரண்டு வரிசை. பிறகு மெதுவாகக் காய வேண்டும். காயும்போது வெயிலும் உறைக்கக் கூடாது, மழையும் விழக் கூடாது.

சரி, இனி எப்படிப் போகப்போகிறேன் என்று சொல்கிறேன். நாளை மறுநாள் 18ஆம் தேதி சவுக்குக் கழி நட்டுத் தகரக் கொட்டகை ஏறும். நவம்பரில் மிச்சம் பிடித்ததை இப்போது செலவழிக்கிறேன், அது என் கணக்கில். டிசம்பர் முடியும்வரை மேல் வேலை கிடையாது. உள்ளே வயரிங்கை முடித்து, அம்மாவுக்காக நவம்பரில் தாங்கள் கேட்ட அகலக் கதவுக் கழிப்பறையையும் முடிப்போம். (அது எட்டு நாள் கூடுதல் வேலை. குறையாகச் சொல்லவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதலிலேயே நான் யோசித்திருக்க வேண்டிய ஒன்று.) சுண்ணாம்பை இப்போதே நீற்றி ஊற வைத்துவிடுகிறோம். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை நல்லது.

பொங்கலுக்கு ஆட்கள் போகியிலிருந்தே வர மாட்டார்கள், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் முடிந்து ஜனவரி 20 திங்கட்கிழமை காரை ஆரம்பம். பிப்ரவரி 8க்குள் கூடம், ரேழி இரண்டும் அடித்து முடிய வேண்டும். 22க்குள் தட்டோடு. மார்ச் முதல் பாதியில் உள்பூச்சும், கூடத்துச் சிவப்புத் தரையில் வெடித்த இடங்களும். மார்ச் 17இல் மேலே தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம். அந்த இரண்டு நாளில் ஒரு நாளாவது தாங்கள் வந்திருந்து, கூடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எனக்கு நிம்மதி. அப்புறம் வெள்ளையடித்து, கூட்டிப் பெருக்கி, 28ஆம் தேதி சாவி.

இதில் எனக்குப் பயம் ஒன்றுதான். தை பின்பாதியில் சம்பா அறுவடை. மெஷின் வந்துவிட்டாலும் நெல் காயவைக்க, வைக்கோல் கட்ட ஆள் போய்விடும். அதனால் காரை அடிப்பதற்கு மட்டும் ஒரு குழுவைப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தங்கி வேலை செய்யப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி 8ஆம் தேதிதான் அளவுகோல். அன்று காரை முடியவில்லை என்றால் மார்ச் 28 ஆகாது என்று பொருள். அதை அன்று மாலையே நான் போன் செய்து சொல்வேன், மார்ச் 27 வரை இழுத்தடிக்க மாட்டேன். மற்றபடி சனிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறேன்.

பணம் பற்றி: கழுவிப்போன சுண்ணாம்பு, ஜல்லி, சுரண்டிய கூலி, கொட்டகை எல்லாம் என் பொறுப்பு. ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு ரூபாய் கூட ஏறாது. கட்டைகளுக்கான கூடுதல் தொகை மட்டும் அக்டோபரில் தாங்கள் சம்மதித்தபடி. ஜனவரி 5இல் தர வேண்டிய மூன்றாம் தவணையை இப்போது தர வேண்டாம். காரை முடிந்த பிறகு தந்தால் போதும். அம்மா இருக்கும் வாடகை வீட்டுக்குப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாத வாடகை, மாதம் 9,000 வீதம், கடைசிப் பில்லில் நானே கழித்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு மாடிப்படி ஏறுவது சிரமம் என்று தெரியும். அதை என்னால் ஈடுகட்ட முடியாது.

கிரகப்பிரவேசம்தான் மனசை உறுத்துகிறது. பிப்ரவரி 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று வாத்தியாரிடம் பேசியிருந்தீர்கள். தை போனால் மாசி, பங்குனியில் நம் பக்கம் புது வீடு புக மாட்டார்கள். இது பழைய வீடுதானே என்று சிலர் சொல்வார்கள், அது வாத்தியார் சொல்ல வேண்டியது. மார்ச் 28இல் சாவி வந்தால் சித்திரையில் நல்ல நாள் பார்க்க அவகாசம் இருக்கும், காரையும் இன்னும் நன்றாக இறுகியிருக்கும். இல்லை, பிப்ரவரி 2 மாறவே கூடாது என்றால், சமையல்கட்டிலும் இரண்டாம் கட்டிலும் பால் காய்ச்சி ஹோமம் பண்ணும்படி சுத்தம் செய்து தருகிறேன். கூடத்தில் சாரம் நிற்கும், வாசல் வழியாக வர முடியாது, கொல்லைப் பக்கம்தான் வர வேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். முடிவு தங்களுடையது.

சமையல்காரருக்கும் பந்தலுக்கும் முன்பணம் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஆகவே டிசம்பர் 22க்குள் ஒரு பதில் தந்தால் நானே நேரில் போய் அவர்களிடம் பேசித் தேதியை மாற்றித் தருகிறேன். இருவரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். மார்ச் 28க்குச் சம்மதம் என்றால் இந்தக் கடிதத்தின் நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள், ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்றால், இரவு எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். ஊஞ்சல் பலகை பத்திரமாக இருக்கிறதா என்று போன தடவை கேட்டார்கள். இருக்கிறது. மழை படாமல் என் வீட்டில் வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வீ. கலியபெருமாள்
கட்டட ஒப்பந்தக்காரர்