மூன்று, நான்கு, ஐந்து

எங்கள் கணக்கு ஐயா நேற்று அதிகாலை கும்பகோணத்தில் தம் 81ஆம் வயதில் காலமானார். பிதாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் தொடங்காமல், சம இடைவெளியில் 12 முடிச்சிட்டு முனைகளை இணைத்த கயிற்றை மூன்று மாணவர்களிடம் கொடுத்து, 3, 4, 5 என்ற பக்கங்களாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அங்கே அமைந்த செங்கோணத்தின் மேல் கொத்தனாரின் மூலைமட்டத்தை வைத்துக் காட்டியவர் அவர். அதைக் கொண்டுவந்தவன் கொத்தனார் மகனான நான். என் அப்பாவின் தொழில் வகுப்பறையில் மதிப்போடு பேசப்பட்டது அன்றுதான். வழியின்றி விடை மட்டும் எழுதினால், அது சரியாகவே இருந்தாலும், சுழிதான் போடுவார் (அதில் எனக்கு இன்றும் சிறு வருத்தம் உண்டு). கட்டுமானப் பொறியாளராக இந்த 22 ஆண்டுகளில் கடைக்கால் குறித்த ஒவ்வொரு மனையிலும் அந்தக் கயிற்றைத்தான் பிடித்திருக்கிறேன். இறுதிச் சடங்கு இன்று மாலை 4 மணிக்குக் காவிரிக் கரையில் நடைபெறும்.