மார்ச் 14 முன்பதிவு: இரவு தாமத வருகை, தரைத்தள அறை, சைவ உணவு

வணக்கம்.

மார்ச் 14 முதல் 16 காலை வரை, இரண்டு இரவுகளுக்கு இருவர் தங்கும் அறை ஒன்று வேண்டும். ரயில் இரவு 11.10-க்குத்தான் வரும், விடுதியை அடைய 12 மணி ஆகலாம். வரவில்லை என்று நினைத்து அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒருநாள் வாடகையை முன்பணமாக இன்றே அனுப்பிவிடுகிறேன். அந்நேரம் வரவேற்பறையில் ஆள் இருப்பாரா?

உடன் வரும் அம்மாவுக்கு மூட்டுவலி. லிஃப்ட் இருந்தாலும் தரைத்தள அறையே வேண்டும், மின்தடை வந்தால் படியேற அவரால் முடியாது. வாசலிலிருந்து அறைவரை படி இருக்கிறதா, குளியலறையில் மேற்கத்தியக் கழிப்பறை உண்டா என்றும் சொல்லுங்கள்.

இருவரும் சுத்த சைவம், முட்டையும் கூடாது. சூப், குழம்பில் இறைச்சிச் சாறு சேராமல், தனிக் கரண்டியில் பரிமாறினால் போதும். முதல் இரவு சாப்பாடு வேண்டாம்.

அறை உறுதியானதும் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள்.

நன்றி,
செல்வி