18.11.2025 தில்லைநகர் சாலை விபத்து: நேரில் பார்த்தவரின் வாக்குமூலம்

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு, திருச்சி மாநகரக் காவல்.

நகல்: விபத்தில் காயமடைந்த, ஸ்கூட்டர் ஓட்டி வந்த அம்மா அவர்களுக்கு.

ஐயா,

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை மாலை தில்லைநகர் மெயின் ரோட்டில் நடந்த விபத்தை நேரில் பார்த்தேன். இருதரப்பில் எவரையும் எனக்கு முன்பின் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 168, 169-உம் உதவிக்கு வருபவருக்குத் தரும் பாதுகாப்பை அறிவேன். சாட்சி சொல்ல நானாகவே முன்வருகிறேன். என் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, மூடிய உறையில் தங்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன்.

இடம், 7-ஆவது குறுக்குத் தெருவுக்கும் 8-ஆவது குறுக்குத் தெருவுக்கும் நடுவே, ஒரு மருந்துக் கடைக்கு எதிரே. நேரம் மாலை 6.40-ஐ ஒட்டி, 108-க்கு நான் செய்த அழைப்பு என் போனில் 6.43 என்று பதிவாகியிருக்கிறது. இருட்டிவிட்டது. தெருவிளக்கு எரிந்தது, கடை வெளிச்சமும் இருந்தது. மதியம் பெய்த மழையில் தார் ஈரமாக இருந்தது, தண்ணீர் தேங்கவில்லை. அந்த இடத்தில் பள்ளமோ மணலோ இல்லை.

ஆட்டோவுக்காகச் சாலையின் இடது ஓரத்தில், வண்டிகள் வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தேன். எனக்கு முன்னால் சுமார் 8 மீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளைக் கார், அதே ஓரத்தில், என்னை நோக்கி முகம் வைத்து நிறுத்தப்பட்டிருந்தது. முகப்பு விளக்கும் இண்டிகேட்டரும் எரியவில்லை. காருக்கும் எனக்கும் இடையில் மறைப்பு எதுவும் இல்லை. கண்ணாடியில் தெருவிளக்கு மின்னியதால், உள்ளே ஓட்டுநர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க முடியவில்லை.

7-ஆவது குறுக்குத் தெருப் பக்கமிருந்து நீல நிற ஸ்கூட்டர் ஒன்று வந்தது. ஓட்டியவர் சுமார் 55 வயதுள்ள அம்மா. ஹெல்மெட் போட்டு வார் மாட்டியிருந்தார். ஸ்கூட்டரின் முகப்பு விளக்கு எரிந்தது. பின்னால் யாரும் உட்காரவில்லை. நேராகத்தான் வந்தார், வளைந்து வளைந்தோ, யாரையும் முந்திக்கொண்டோ வரவில்லை. காரின் பக்கவாட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் இடையே முக்கால் மீட்டர் இருக்கும். வேகத்தை எண்ணில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பின்னால் வந்த ஆட்டோவும் அதே வேகத்தில்தான் வந்தது, இரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் மாறவில்லை என்று மட்டும் சொல்வேன்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஸ்கூட்டரின் முன்சக்கரம் காரின் பின்கதவுக்கு நேராக வந்துவிட்ட பிறகுதான் ஓட்டுநர் பக்கக் கதவு சாலைப் பக்கம் திறந்தது. முன்பே திறந்து கிடந்த கதவில் அந்த அம்மா வந்து மோதவில்லை. பிரேக் பிடிக்கவோ ஒதுங்கவோ அவருக்கு அவகாசமே இல்லை. கதவு பாதி திறந்த நிலையில் அதன் பின்விளிம்பு ஸ்கூட்டரின் இடது கைப்பிடியில் மாட்டியது. கைப்பிடி பின்னுக்குத் தள்ளப்பட்டு முன்சக்கரம் இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அம்மா வலது தோளும் வலது உள்ளங்கையும் தரையில் படும்படி விழுந்தார். பிறகு ஹெல்மெட்டின் வலப்பக்கம் தரையில் இடித்த சத்தம் கேட்டது. மோதுவதற்கு முன் யாரும் ஹாரன் அடித்து நான் கேட்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோ அவருக்கு ஓர் ஆள் நீளம் முன்பாகவே நின்றுவிட்டது. அது அவரைத் தொடவில்லை. 'ஆட்டோதான் இடித்தது' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்; அது சரியல்ல.

வண்டிகளில் இருக்கும் தடயமும் இதையே காட்டும். காரின் ஓட்டுநர் கதவில் வெளித்தகடு நசுங்கவில்லை. பின்விளிம்பின் உட்பக்கத்தில், பூட்டுக்குச் சற்று மேலே, பெயின்ட் உரிந்து கறுப்பு ரப்பர் தேய்ந்த கோடு இருக்கிறது. கதவு தன் எல்லைக்கு மேல் முன்னோக்கி மடங்கியதால் பிறகு சரியாக மூடவில்லை. ஸ்கூட்டரில் இடது பிரேக் லீவர் நுனியோடு உடைந்திருக்கிறது, இடது கண்ணாடி கழன்று விழுந்தது. வலப்பக்கப் பக்கத்தகட்டில் இருப்பவை விழுந்து உராய்ந்த கீறல்கள். இரண்டு வண்டிகளையும் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் மோட்டார் வாகன ஆய்வாளர் இவற்றைப் பார்த்தே ஆகவேண்டும். லீவரை மாற்றிவிட்டால் எது முதலில் பட்டது என்பதற்கான அடையாளம் போய்விடும்.

காரை ஓட்டியவர் சுமார் 35 வயது ஆண். உடனே இறங்கி வந்தார், ஓடவில்லை, உதவவும் செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணாடியப் பாக்காம தொறந்துட்டேங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்மா." அவரிடம் மது வாடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. காரின் எண் TN 45 என்று தொடங்கி 71 என்று முடிந்தது. நடுவில் இருப்பதை ஊகித்து எழுத விரும்பவில்லை, படத்தில் இருக்கிறது.

அம்மா மயங்கவில்லை. "கை தூக்க முடியல, மணிக்கட்டு போச்சு" என்றார். வலது மணிக்கட்டு வீங்கி வளைந்திருந்தது. இடது முழங்காலில் ரத்தம் கசிந்தது. கழுத்து அசையக் கூடாது என்று ஹெல்மெட்டை யாரையும் கழற்றவிடவில்லை. தண்ணீர் கொடுக்கவும் விடவில்லை. 6.58-க்கு 108 வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியது அதில் வந்த மருத்துவ உதவியாளர்தான்.

காவலர் வருவதற்குள் இரண்டு வண்டிகளும் நகர்த்தப்பட்டன. ஆம்புலன்ஸுக்கு வழி விட, கார் ஏறத்தாழ 10 மீட்டர் முன்னால் தள்ளப்பட்டது; ஸ்கூட்டரை இருவர் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள். எனவே 7.15-க்குக் காவலர் பார்த்த நிலை, மோதிய நிலை அல்ல. நகர்த்தும் முன் நான் எடுத்த படங்கள் நான்கு: திறந்த கதவும் விழுந்த ஸ்கூட்டரும் ஒரே படத்தில், காரின் முன்பக்கம், உடைந்த லீவர், நின்ற ஆட்டோ. வாட்ஸ்அப்பில் காவலருக்கு அனுப்பியவை சுருங்கிய நகல்கள். அசல் கோப்புகள் என் போனில் அழியாமல் இருக்கின்றன. பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றும் தரத் தயார்.

மருந்துக் கடையின் ஷட்டருக்கு மேலே சாலையைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது. இத்தகைய கருவிகளில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், அதனால் 6.30 முதல் 7.20 வரையிலான பதிவை உடனே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் கடிகாரம் முன்பின்னாக ஓடலாம். சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு: நீங்கள் செய்த தவறு எதையும் நான் பார்க்கவில்லை. இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். உங்கள் கைப்பையை 108 உதவியாளரிடம் கொடுத்தேன். ஸ்கூட்டர் சாவியைச் சம்பவ இடத்துக்கு வந்த காவலரிடம் ஒப்படைத்தேன். ஹெல்மெட் உங்களோடுதான் வந்தது. அதன் வலப்பக்கக் கீறல் சாட்சியம், தூக்கிப் போடாதீர்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் என் சாட்சியம் தேவைப்பட்டால் உங்கள் வழக்கறிஞர் காவல் நிலையம் வழியாக என்னை அழைக்கலாம், வருகிறேன்.

கதவு திறக்கும் முன் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியையோ பின்னாலோ பார்த்தாரா என்பதை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. அவர் வாயால் சொன்னது மட்டுமே எனக்குத் தெரியும். மேலே எழுதியவற்றில் தூரங்கள் கண்மதிப்பு. அழைப்பு நேரம் போன் பதிவு. மற்ற நேரங்கள் போனில் பார்த்துக் குறித்தவை. மற்ற அனைத்தும் நான் நேரில் கண்டதும் கேட்டதும். சம்பவத்தன்று இரவே குறிப்பெடுத்து, மறுநாள் காலை இதை எழுதினேன்.

இப்படிக்கு,
நேரில் பார்த்த சாட்சி (கையொப்பம் தனித்தாளில்)
திருச்சிராப்பள்ளி, 19.11.2025

இணைப்பு: மூடிய உறையில் தனித்தாள் 1, புகைப்பட அச்சு 4, கையால் வரைந்த இடவரைபடம் 1.